ஆறு சுற்று குறைந்தால் ஒன்றரை ஆம்பியர் கூடும்

எங்கள் ஊர் மாவு மில்லில் 5 குதிரைத்திறன் த்ரீ ஃபேஸ் மோட்டார் ஒன்று ஓடுகிறது. போன கோடையில் அதன் காயில் எரிந்துபோனது. கழற்றிக் கொண்டுபோய்ப் புதுக் காயில் கட்டி மறுபடி மாட்டினார்கள். மோட்டார் சத்தமில்லாமல் ஓடியது, மாவும் அரைத்தது. ஆனால் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட்டர் ரிலே விழுந்தது. உடம்பில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு.

வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் முதலில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். வெறும் மோட்டாரை ஓடவிட்டு, டாங் டெஸ்டரை மூன்று வயரிலும் ஒவ்வொன்றாக மாட்டினார். மூன்றிலும் 4.7 ஆம்பியர். பிறகு ஸ்டார்ட்டர் மூடியைத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினார். மோட்டார் வாங்கிய வருஷம் அவரே மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருந்தார்: “நோ லோடு 3.2”.

“ஏனுங்ண்ணா, ஒரு வேலையும் செய்யாம சும்மா சுத்துறதுக்கு எதுக்குங்க இத்தனை கரண்ட்டு?” என்று கேட்டார் மில்காரர். மிகச் சரியான கேள்வி அது.

மோட்டாரின் ஸ்டேட்டரும் ரோட்டாரும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஸ்டேட்டரில் உண்டாகும் காந்தப் பாயம் இடைவெளியைத் தாண்டி ரோட்டாருக்குள் போனால்தான் ரோட்டார் சுற்றும். சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பாயத்தை எந்நேரமும் நிறுத்தி வைக்க ஒரு மின்னோட்டம் வேண்டும். அதுதான் காந்தமாக்கும் மின்னோட்டம். சுமையில்லாமல் ஓடும்போது டாங் டெஸ்டர் காட்டுவது பெரும்பாலும் இதைத்தான்.

இது ஏன் இவ்வளவு அதிகம்? காரணம் அந்தக் காற்றிடைவெளி. இந்த அளவு மோட்டாரில் அது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் இரும்பைவிடக் காற்றில் காந்தப் பாயத்தைச் செலுத்துவது ஆயிரம் மடங்குக்கு மேல் கடினம். நீண்ட இரும்புப் பாதை கேட்பதைவிட அந்த மெல்லிய காற்றுப் படலம் அதிக ஆம்பியர் சுற்றுகளைக் கேட்கிறது. ஆம்பியர் சுற்று என்பது மின்னோட்டத்தைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கிய அளவு. இடைவெளியே இல்லாத டிரான்ஸ்ஃபார்மருக்குச் சுமையில்லா மின்னோட்டம் முழுச்சுமை மின்னோட்டத்தில் சில சதவீதம்தான். இந்த ரக மோட்டாருக்கோ 30 முதல் 50 சதவீதம் வரை போகும். மில் மோட்டாரின் பெயர்த்தகட்டில் முழுச்சுமைக்கு 7.5 ஆம்பியர் என்று இருந்தது. ஆகவே 3.2 நியாயமான அளவு. 4.7 அப்படியல்ல.

காயிலைப் பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. 36 ஸ்லாட், நான்கு போல், டெல்டா இணைப்பு. ஒரு ஃபேஸுக்கு ஆறு காயில். பழைய காயிலில் 60 சுற்று, புதியதில் 54. பழைய கம்பியின் கேஜ் கடையில் இருப்பில் இல்லை. சற்றுத் தடித்த கம்பியைப் போட்டிருக்கிறார்கள். 60 சுற்று ஸ்லாட்டுக்குள் அடங்கவில்லை. அடங்கிய மட்டும் சுற்றிவிட்டார்கள். கம்பி தடிமன் கூடியதால் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் தவறு.

ஃபேஸுக்கு வரும் 415 வோல்ட்டை எல்லாச் சுற்றுகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. 360 சுற்று இருந்தபோது ஒவ்வொன்றின் பங்கு ஏறக்குறைய 1.15 வோல்ட். 324 ஆனபோது 1.28 வோல்ட். ஒரு சுற்று தன் பங்கு வோல்ட்டேஜை எதிர்கொள்ள அதற்கேற்ற பாயம் அதன் வழியே ஏறி இறங்க வேண்டும். எனவே சுற்று பத்து சதவீதம் குறைந்ததும் பாயம் பதினொரு சதவீதம் கூடியே தீரும். பாயத்தின் அளவை நிர்ணயிப்பது வோல்ட்டேஜும் அலைவெண்ணும் சுற்றும்தான். அதற்கு எத்தனை ஆம்பியர் வேண்டுமோ அத்தனையையும் மோட்டார் லைனிலிருந்து இழுத்துக்கொள்ளும்.

காற்றுக்கு மட்டும் என்றால் கணக்கு எளிது. பாயம் 11 சதவீதம் கூடினால் ஆம்பியர் சுற்றும் 11 சதவீதம் கூடும். அதைக் குறைவான சுற்றுகளைக் கொண்டு கொடுக்க வேண்டியிருப்பதால் மின்னோட்டம் ஏறக்குறைய 23 சதவீதம் உயரும். அப்படியானால் 3.2 என்பது 3.9 ஆகியிருக்க வேண்டும். மீதி 0.8 ஆம்பியர் எங்கிருந்து வந்தது?

இரும்பிலிருந்து வந்தது. எவ்வளவு பிடித்த இனிப்பும் ஓர் அளவுக்கு மேல் தெவிட்டிவிடும். இரும்புக்கும் அந்தக் குணம் உண்டு. ஓர் அளவு வரை சொன்னபடி பாயத்தை ஏற்கும். அதற்குப் பிறகு கொஞ்சம் கூடுதலாக ஏற்றவும் மிக அதிக ஆம்பியர் சுற்று வேண்டும். இதுவே தெவிட்டுநிலை. செலவை மிச்சப்படுத்த, மோட்டார்களை இந்த வளைவின் ஓரத்திலேயே வடிவமைக்கிறார்கள். ஸ்லாட்டுகளுக்கு நடுவே உள்ள குறுகிய இரும்புப் பற்கள்தான் பெரும்பாலும் முதலில் தெவிட்டும். பாயம் 11 சதவீதம் ஏறும்போது இரும்பு கேட்கும் பங்கு இரு மடங்காகக்கூட ஆகலாம். மொத்தத்தில் காந்தமாக்கும் மின்னோட்டம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆனது. மின்னோட்டம் ஒன்றரை மடங்கானால் அதனால் கம்பியில் உண்டாகும் சூடு இரண்டேகால் மடங்கு. பாயம் கூடியதால் இரும்பின் சூடும் கூடும். மாவு அரைக்கும்போது 7.5ஐத் தாண்டி எட்டு ஆம்பியருக்கு மேல் ஓடியதும் ரிலே விழுந்ததும் இதனால்தான். அந்த ரிலேயைக் கூட்டி வைத்திருந்தால் புதுக் காயிலும் எரிந்திருக்கும்.

சுமையில்லா மின்னோட்டம் கூடினாலே சுற்று குறைவு என்று சொல்லிவிட முடியாது. மூன்று ஃபேஸும் சமமாக இல்லாவிட்டால், முதலில் லைன் வோல்ட்டேஜ் மூன்றும் சமமா என்று பார்க்க வேண்டும். சமமென்றால் ஏதோ ஒரு காயிலில் ஷார்ட்டோ தவறான இணைப்போ இருக்கும். மூன்றும் ஒரே அளவில் கூடியிருந்தால் சந்தேகம் இரண்டு. ஒன்று சுற்று. மற்றொன்று இடைவெளி: பேரிங் தேய்ந்து ஸ்டேட்டரில் உரசிய ரோட்டாரை லேத்தில் கொடுத்துச் செதுக்கியிருப்பார்கள். 0.4 மில்லிமீட்டர் இடைவெளி 0.5 ஆனால் காற்று கேட்கும் ஆம்பியர் சுற்று கால் பங்கு கூடிவிடும்.

இரண்டையும் பிரித்தறிய, வோல்ட்டேஜைக் குறைக்கும் வசதியுள்ள பட்டறையில் ஒரு சோதனை செய்யலாம். வெறும் மோட்டாருக்கு 415 வோல்ட்டுக்குப் பதில் 373 வோல்ட் கொடுக்க வேண்டும். மின்னோட்டமும் ஏறக்குறைய அதே பத்து சதவீதம் இறங்கினால் இரும்பு தெவிட்டவில்லை. குறை இடைவெளியில் இருக்கலாம். மில் மோட்டாரில் 4.7 ஆம்பியர் 3.6க்கு இறங்கியது. பத்து சதவீத வோல்ட்டேஜுக்கு இருபத்துமூன்று சதவீத மின்னோட்டம். தெவிட்டிய இரும்பின் அடையாளம் இது.

இதற்குப் பயந்து சுற்றைக் கூட்டிவிடுவதும் தவறு. 60க்குப் பதில் 66 சுற்றினால் சுமையில்லா மின்னோட்டம் அழகாகக் குறையும். ஆனால் முறுக்குவிசை வோல்ட்டேஜுக்கும் சுற்றுக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆறில் ஒரு பங்கு குறைந்துபோய், சுமை ஏறியதும் மோட்டார் திணறும்.

மில் மோட்டாருக்குச் சரியான கேஜ் கம்பி வரவழைத்து 60 சுற்றே மறுபடி கட்டினார்கள். இப்போது சுமையில்லாமல் 3.3 ஆம்பியர் காட்டுகிறது.

உங்கள் மோட்டார் எரிந்தால், பழைய காயிலை வெட்டி எறியும் முன் இரண்டு மூன்று ஸ்லாட்டிலாவது கம்பிகளை எண்ணி எழுதச் சொல்லுங்கள். கம்பியின் தடிமனையும் இணைப்பையும் சேர்த்துக் குறிக்கட்டும். புதுக் காயில் கட்டியதும் கடையிலேயே வெறுமனே ஓடவிட்டு, வோல்ட்டேஜையும் மூன்று ஃபேஸ் ஆம்பியரையும் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். நல்ல மோட்டார் கையில் இருப்பவர்கள் இன்றே அதை அளந்து, ஸ்டார்ட்டர் மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள். அந்த ஒரு எண் இருந்ததால்தான் மில்காரரால் தவறைக் கண்டுபிடிக்க முடிந்தது.