வரிசையான பட்டியலில் குயிக்சார்ட் ஏன் திணறுகிறது?

குயிக்சார்ட் என்பது எண்களையோ பெயர்களையோ வரிசைப்படுத்தும் முறை. பிரிட்டனைச் சேர்ந்த டோனி ஹோர் இதை உருவாக்கி 1961இல் வெளியிட்டார். பட்டியலிலிருந்து ஓர் எண்ணை எடுத்து, அதைவிடச் சிறியவற்றை அதன் இடப்பக்கமும் மற்றவற்றை வலப்பக்கமும் தள்ள வேண்டும். இப்படி எடுக்கப்படும் எண்ணுக்குப் பிவட் என்று பெயர். பிறகு இரு பக்கங்களையும் தனித்தனியே இதே முறையில் பிரித்துக்கொண்டே போனால் பட்டியல் முழுவதும் வரிசைக்கு வந்துவிடும்.

வேலை முழுவதும் நடப்பது அந்தப் பிரிப்பில்தான். சி மொழியில் அதை எழுதும் எளிய வழிகளுள் ஒன்று லொமூட்டோ முறை. அது கடைசி எண்ணையே பிவட்டாகக் கொள்கிறது:

```c
int partition(int a[], int lo, int hi) {
    int pivot = a[hi];
    int i = lo;
    for (int j = lo; j < hi; j++) {
        if (a[j] < pivot) {
            swap(&a[i], &a[j]);
            i++;
        }
    }
    swap(&a[i], &a[hi]);
    return i;
}
```

இங்கே `swap` என்பது இரண்டு எண்களை இடம் மாற்றும் சிறு செயற்கூறு. `j` ஒவ்வோர் எண்ணாகப் பார்த்துக்கொண்டு போகிறது. அடுத்து கிடைக்கும் சிறிய எண்ணை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதை `i` காட்டுகிறது.

7, 2, 9, 4, 1, 5 என்ற பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். பிவட் 5. முதலில் வரும் 7 சிறியதல்ல; அது அப்படியே நிற்கிறது. அடுத்த 2 சிறியது என்பதால் 7உடன் இடம் மாறுகிறது. 9 நிற்கிறது. 4 வந்ததும் 7உடன் இடம் மாறி, பட்டியல் 2, 4, 9, 7, 1, 5 என்றாகிறது. 1 வந்ததும் 9உடன் மாறுகிறது: 2, 4, 1, 7, 9, 5. கடைசியில் பிவட்டான 5, அங்கு நிற்கும் 7உடன் மாறுகிறது: 2, 4, 1, 5, 9, 7. இனி 5 இடம்பெயராது. இடப்பக்கம் மூன்று எண்களும் வலப்பக்கம் இரண்டும் மிஞ்சுகின்றன. பட்டியல் ஏறத்தாழப் பாதியாகப் பிரிந்துவிட்டது.

இப்போது 1, 2, 3, 4, 5, 6 என்று ஏற்கெனவே வரிசையாக உள்ள பட்டியலைக் கொடுத்தால் என்ன ஆகும்? பிவட்டான 6, எல்லாவற்றிலும் பெரியது. ஐந்து ஒப்பீடுகளுக்குப் பிறகும் இடப்பக்கம் ஐந்து எண்கள், வலப்பக்கம் ஒன்றுமில்லை. அடுத்த சுற்றில் 5 பிவட்டாகி, நான்கு ஒப்பீடுகள். இப்படியே 5+4+3+2+1 என மொத்தம் 15. ஒவ்வொரு சுற்றும் ஒரே ஓர் எண்ணை மட்டும் கழிக்கிறது. இறங்குவரிசையிலும் இதே கதிதான். அங்கே மிகப் பெரியதும் மிகச் சிறியதும் மாறி மாறிப் பிவட்டாக அமைகின்றன.

பட்டியல் பெரிதாகும்போது இதன் விளைவு தெரியும். 10,000 எண்கள் கலைந்து கிடந்தால் சராசரியாகச் சுமார் 1,56,000 ஒப்பீடுகள் போதும். அதே எண்கள் வரிசையாக இருந்தால் 4,99,95,000 ஒப்பீடுகள் தேவை. முந்நூறு மடங்குக்கும் மேல். பட்டியலை இருமடங்காக்கி நேரத்தை அளந்தால் நோய் வெளிப்படும்: நல்ல நிலையில் நேரம் இருமடங்கைவிடச் சற்றே கூடும், கெட்ட நிலையில் நான்கு மடங்காகும். இன்னோர் ஆபத்தும் உண்டு. செயற்கூறு தன்னைத் தானே அழைக்கும் ஆழமும் எண்களின் எண்ணிக்கை அளவுக்குப் போவதால், பெரிய பட்டியலில் ஸ்டேக் நினைவகம் தீர்ந்து நிரல் பாதியில் நின்றுவிடலாம்.

நடைமுறையில் வரிசையான பட்டியல் அபூர்வமல்ல. ஏற்கெனவே அடுக்கிய பதிவுகளின் இறுதியில் சில புதியவற்றைச் சேர்த்து மீண்டும் அடுக்குவது அன்றாடம் நடப்பது. ஆகவே பிவட்டை வேறு இடத்திலிருந்து எடுக்க வேண்டும். நடு எண்ணைக் கடைசிக்குக் கொண்டுவர, `partition` செயற்கூற்றின் முதல் வரியாக இதைச் சேர்த்தால் போதும்:

```c
swap(&a[lo + (hi - lo) / 2], &a[hi]);
```

வரிசையான பட்டியலில் நடு எண் சரிபாதியாகப் பிரிக்கும். 10,000 எண்களுக்கும் ஆழம் 14 அடுக்குகளோடு நின்றுவிடும். முதல், நடு, கடைசி ஆகிய மூன்றில் இடைப்பட்டதைப் பிவட்டாக்குவது இன்னும் உறுதியானது. ஆனால் இவ்விரு வழிகளையும் திணறடிக்கும் பட்டியலை வேண்டுமென்றே அமைக்க முடியும். பிவட்டின் இடத்தை ஒவ்வொரு முறையும் தற்போக்காகத் தேர்ந்தால், முன்கூட்டியே அப்படி அமைத்துவைக்க வழியில்லை.

பிவட்டை எப்படித் தேர்ந்தாலும் தீராத ஒரு நிலை உண்டு: எல்லா எண்களும் ஒன்றாகவே இருப்பது. அப்போது எந்த எண்ணும் பிவட்டைவிடச் சிறியதல்ல. எல்லாம் வலப்பக்கமே நிற்கும், மறுபடியும் சுற்றுக்கு ஒன்றுதான் கழியும். இதற்குப் பிரிப்பையே மாற்ற வேண்டும். சிறியவை, சமமானவை, பெரியவை என மூன்றாகப் பிரித்து, சமமானவற்றை அடுத்த சுற்றுக்கு அனுப்பாமல் விட்டால், அந்தப் பட்டியல் ஒரே சுற்றில் முடிந்துவிடும்.