விடுபட்ட தரவும் வெளியீட்டு முடிவும்: 2020 இந்திய விலைக் குறியீட்டெண்

பல இடங்களிலிருந்து தரவு திரட்டி ஒரே எண்ணாகத் தொகுத்து வெளியிடும் அமைப்புகளுக்கு, அந்த இடங்களுள் சில தரவு தராமல் போகும்போது எழும் சிக்கலே விடுபட்ட தரவுச் சிக்கல் ஆகும். அப்போது அமைப்பின் முன் மூன்று வழிகள் உள்ளன. வராத இடத்தில் கடைசியாகத் தெரிந்த பழைய மதிப்பை வைத்துக் கணக்கிடலாம். வந்த தரவை மட்டும் கொண்டு பகுதியளவில் வெளியிடலாம். அல்லது எதையும் வெளியிடாமல் நிறுத்திவைக்கலாம். இந்தியாவின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2020ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்கின்போது நுகர்வோர் விலைக் குறியீட்டெண் தொடர்பாக இந்தச் சிக்கலை எதிர்கொண்டது.

## பின்னணி

நுகர்வோர் விலைக் குறியீட்டெண் என்பது மக்கள் வாங்கும் பொருட்கள், சேவைகளின் சில்லறை விலை மாற்றத்தை அளக்கும் எண் ஆகும். ஓராண்டுக்கு முந்தைய அதே மாதத்தைவிட அது எத்தனை விழுக்காடு கூடியிருக்கிறது என்பதே செய்திகளில் சில்லறைப் பணவீக்கம் எனப்படுகிறது. அப்போது நடைமுறையில் இருந்த குறியீட்டெண்ணுக்கு 2012 அடிப்படை ஆண்டு. 1,114 நகர்ப்புறச் சந்தைகளிலும் 1,181 கிராமங்களிலும் களப் பணியாளர்கள் கடை கடையாகச் சென்று விலை குறித்து வருவார்கள். மாதத் தரவு அடுத்த மாதம் 12ஆம் தேதியையொட்டி வெளியாகும்.

எல்லாப் பொருட்களுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. குடும்பச் செலவில் ஒவ்வொரு பிரிவுக்கும் உள்ள பங்குக்கு ஏற்ப எடை தரப்படுகிறது. நூறு பங்கில் உணவு, பானங்களுக்கு ஏறத்தாழ 46, வீட்டு வாடகைக்கு 10, எரிபொருள், விளக்குக்கு 7, உடை, காலணிக்கு 6.5, புகையிலை, வெற்றிலை போன்றவற்றுக்கு 2.4, கல்வி, மருத்துவம், போக்குவரத்து முதலியவை அடங்கிய இதரப் பிரிவுக்கு 28 என அமைந்திருந்தது.

## மூலங்கள் நின்றுபோன விதம்

2020 மார்ச் 19 முதல் நேரில் சென்று விலை திரட்டும் பணி நிறுத்தப்பட்டது. மார்ச் மாதத்தின் பெரும்பகுதி அதற்குள் முடிந்துவிட்டதால், எதிர்பார்த்த விலைக் குறிப்புகளில் சுமார் 66 விழுக்காடு கையில் இருந்தது. மீதியை வழக்கமான மதிப்பீட்டு முறையால் நிரப்பி, மார்ச் மாத எண் வெளியிடப்பட்டது.

ஏப்ரலில் நிலைமை வேறு. மாதம் முழுவதும் ஊரடங்கு நீடித்தது. தொலைபேசி வழியாகவும், பணியாளர்கள் தம் அன்றாடத் தேவைக்குப் பொருள் வாங்கச் சென்ற கடைகளிலிருந்தும் கிடைத்த விலைகளே கைக்கு வந்தன. அரிசி, பருப்பு, காய்கறி, பால் ஆகியவற்றுக்கு விலை கிடைத்தது. துணிக்கடை, செருப்புக்கடை, முடிதிருத்தகம், திரையரங்கு ஆகியவை மூடிக் கிடந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வகுப்பில் நாற்பது பேரில் பத்துப் பேர் ஏதோ ஒரு நாள் வராமல் போனால், மீதி முப்பது பேரின் சராசரி உயரம் வகுப்பின் சராசரிக்கு அருகிலேயே இருக்கும். கூடைப்பந்து ஆடப்போன பத்துப் பேர் வராமல் போனால் அப்படி இருக்காது. வராதவர்கள் எத்தனை பேர் என்பதோடு, யார் வரவில்லை என்பதும் பார்க்கப்பட வேண்டும். ஏப்ரல் 2020இல் விடுபட்டவை கண்டபடி விடுபட்டவை அல்ல. விற்பனை நின்ற பொருட்களே ஒட்டுமொத்தமாக விடுபட்டன.

## மூன்று வழிகளும் தரும் விடைகள்

முடிவு எவ்வளவு மாறும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு மாதத்தில் உணவின் விலை 3 விழுக்காடும், எரிபொருளின் விலை 1 விழுக்காடும் கூடியதாகத் தெரிகிறது. மற்ற பிரிவுகளுக்குத் தரவே இல்லை. உணவின் எடை 46, எரிபொருளின் எடை 7, மற்றவை 47 என்று கொள்வோம்.

முதல் வழி, வராதவற்றுக்குச் சென்ற மாத விலையையே வைப்பது. அப்போது அவற்றின் ஏற்றம் சுழி ஆகிவிடும்.

```
(46×3 + 7×1 + 47×0) ÷ 100 = 1.45
```

இரண்டாம் வழி, வந்தவற்றை மட்டும் கணக்கில் எடுத்து, அவற்றின் மொத்த எடையான 53ஆல் வகுப்பது.

```
(46×3 + 7×1) ÷ 53 = 2.74
```

கையில் இருந்த விலைகள் ஒன்றே. ஆனால் ஒரு விடை மற்றதைப் போல ஏறக்குறைய இருமடங்காக இருக்கிறது. முதல் கணக்கு, தெரியாத பொருட்களின் விலை அசையவே இல்லை என்று சொல்லாமல் சொல்கிறது. இரண்டாவது, தெரியாதவையும் தெரிந்தவற்றைப் போலவே ஏறின என்கிறது. இரண்டுமே ஊகங்கள்தாம். எண்ணை மட்டும் பார்க்கும் வாசகருக்கு எந்த ஊகம் உள்ளே இருக்கிறது என்பது தெரியாது.

பழைய விலையை வைப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு சட்டையின் விலை 400 ரூபாயிலிருந்து மாதந்தோறும் 4 ரூபாய் கூடி 404, 408, 412 ஆகிறது என்க. நடுவில் இரண்டு மாதம் தரவு இல்லாமல் 400 ரூபாயே பதிவானால், வரிசை 400, 400, 400, 412 என்றாகும். கடை திறந்த மாதத்தில் விலை ஒரேயடியாக 3 விழுக்காடு பாய்ந்ததுபோலத் தோன்றும். உண்மையில் அந்த மாத ஏற்றம் 1 விழுக்காடு மட்டுமே. எனவே ஒரு தரவு வரிசையில் ஓர் எண் சில மாதங்கள் அசையாமல் நின்று, பிறகு திடீரெனத் தாவினால், அது பழைய மதிப்பை நகலெடுத்ததன் அடையாளமா என்று சரிபார்க்க வேண்டும்.

## அலுவலகம் எடுத்த முடிவு

2020 மே 12ஆம் தேதி, ஏப்ரல் மாதத்துக்கான ஒட்டுமொத்தக் குறியீட்டெண்ணைத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிடவில்லை. போதிய தரவு இருந்த பிரிவுகளின் விலை மாற்றத்தை மட்டும் வெளியிட்டது. எது போதிய தரவு என்பதற்கு ஓர் அளவும் வைத்திருந்தது. ஒரு பொருளுக்கு நகர்ப்புறம், கிராமப்புறம் என்று தனித்தனியே குறைந்தது 25 விழுக்காடு சந்தைகளிலிருந்து விலை வந்திருக்க வேண்டும். அப்படித் தேறிய பொருட்கள், தாம் சேர்ந்த பிரிவின் எடையில் 70 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும். மே மாதத் தரவுக்கும் இதே முறை கையாளப்பட்டது.

இந்த இரண்டு வரம்புகளும் வெவ்வேறு வேலையைச் செய்கின்றன. முதலாவது, ஒரு பொருளின் விலை ஓரிரு கடைகளின் விலையாக இருந்துவிடாமல் காக்கிறது. இரண்டாவது, ஒரு பிரிவில் சிறு பொருட்களுக்கு மட்டும் விலை கிடைத்திருக்கும்போது அதைப் பிரிவின் முழு விலையாகக் காட்டாமல் தடுக்கிறது.

பகுதியளவு வெளியீட்டிலும் ஓர் ஆபத்து இருக்கத்தான் செய்தது. அந்த மாதங்களில் உணவு விலை பற்றிய எண் மட்டும் பளிச்சென்று தெரிந்ததால், அதையே நாட்டின் பணவீக்கமாக எடுத்துக்கொள்ள இடம் இருந்தது. மொத்த எண்ணை வெளியிடாமல், உணவு என்று பெயரிட்டே வெளியிட்டதால் அந்தக் குழப்பம் ஓரளவு தவிர்க்கப்பட்டது.

## இட்டு நிரப்பிய எண்கள்

ஜூலை 13ஆம் தேதி, ஜூன் மாத எண்ணோடு சேர்த்து, ஏப்ரல், மே மாதங்களுக்கு இட்டு நிரப்பிய ஒட்டுமொத்த எண்களும் வெளியாயின. அவற்றின்படி பணவீக்கம் ஏப்ரலில் 7.22 விழுக்காடு, மேயில் 6.27 விழுக்காடு. தரவு வரிசை அறுபடாமல் தொடர்வதற்காக, பன்னாட்டு வழிகாட்டுதலைப் பின்பற்றி இவை கணக்கிடப்பட்டன. அந்த வழிகாட்டுதலின் சாரம், அரசு நிர்ணயிக்கும் கட்டணம் போன்றவற்றைத் தவிர மற்றவற்றுக்குப் பழைய விலையை அப்படியே வைக்கக்கூடாது என்பதாகும். ஒரு பொருளுக்கு விலை இல்லையென்றால் அது சேர்ந்த பிரிவின் ஏற்ற இறக்கத்தையும், பிரிவே இல்லையென்றால் அதற்கு மேலுள்ள தொகுப்பின் ஏற்ற இறக்கத்தையும் பயன்படுத்த வேண்டும்.

இது மேலே கண்ட இரண்டாம் வழியின் திருத்தமான வடிவமே ஆகும். ஆகவே அதன் குறையும் இதற்கு உண்டு. கிடைத்த தரவில் உணவே மிகுதி என்றால், கிடைக்காதவற்றின் மீதும் உணவின் போக்கு படியும்.

## எண்ணைப் பயன்படுத்தியோர் எடுத்த முடிவு

இந்த எண்களைப் பொறுத்து ஒரு சட்டக் கடமையும் இருந்தது. பணவீக்கத்தை 4 விழுக்காட்டை இலக்காகக் கொண்டு, 2 முதல் 6 விழுக்காட்டுக்குள் வைத்திருப்பது இந்திய ரிசர்வ் வங்கியின் பொறுப்பு. ஒரு காலாண்டின் சராசரிப் பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6 விழுக்காட்டைத் தாண்டினால், இலக்கு தவறியதாகக் கொண்டு, காரணத்தை விளக்கி அரசுக்கு அறிக்கை தர வேண்டும்.

2020 ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டில் சராசரி 6 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் தாண்டியது. நடுவிலிருந்த ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் இரண்டு மாத எண்கள் இட்டு நிரப்பியவை. அவற்றை மெய்யான அளவாக ஏற்றால் அந்தக் காலாண்டும் 6 விழுக்காட்டுக்கு மேல் வரும், செப்டம்பரோடு மூன்று காலாண்டுகள் நிறைந்துவிடும்.

ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கைக் குழு, 2020 ஆகஸ்டு மாதத் தீர்மானத்தில், கொள்கை வகுக்கும் நோக்கத்துக்கு ஏப்ரல், மே எண்களைத் தரவு வரிசையில் ஏற்பட்ட முறிவாகக் கருதலாம் என்று அறிவித்தது. 2021இன் முதல் காலாண்டில் சராசரி 6 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதால், அறிக்கை தரும் நிலை அப்போது எழவில்லை.

இட்டு நிரப்பியவை என்ற குறிப்போடு அந்த எண்கள் வெளியாகியிருந்ததால்தான் குழு இந்தக் கேள்வியை எழுப்ப முடிந்தது. குறிப்பில்லாமல் மற்ற மாதங்களோடு ஒன்றாகக் கலந்திருந்தால், முறிவு எங்கே இருக்கிறது என்பதே எவருக்கும் தெரிந்திருக்காது. குழுவின் முடிவு சரியா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அந்த விவாதம் வெளிப்படையாக நடக்க அந்தக் குறிப்பு இடம் தந்தது.

## எதையும் வெளியிடாத எடுத்துக்காட்டு

அமெரிக்காவில் 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அரசு அலுவலகங்கள் முடங்கியபோது, அக்டோபர் மாத விலைகள் திரட்டப்படவில்லை. கடந்துபோன மாதத்தின் கடை விலையைப் பிறகு சென்று திரட்ட முடியாது என்பதால், அந்நாட்டின் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் அக்டோபர் மாதக் குறியீட்டெண்ணை வெளியிடாமல் விட்டது. வெற்றிடம் வெளிப்படையாகத் தெரிந்தது. எனினும் வாடகை போன்றவற்றுக்கு அக்டோபரில் மாற்றம் இல்லை என்று கொண்டே அடுத்த கணக்கு தொடர்ந்ததால், நவம்பர் எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கலாம் என்று பொருளியலாளர்கள் எச்சரித்தனர். ஒரு மாத எண்ணை நிறுத்திவைத்தாலும், அடுத்த மாத எண்ணுக்குள் பழைய மதிப்பு நுழைந்துவிடக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

## வாசகர் கவனிக்க வேண்டியவை

இட்டு நிரப்பிய எண்ணின் தாக்கம் அந்த மாதத்தோடு முடிவதில்லை. 2021 ஏப்ரல், மே மாதங்களின் பணவீக்கம், ஓராண்டுக்கு முந்தைய அந்த இரண்டு எண்களோடு ஒப்பிட்டே கணக்கிடப்பட்டது. ஆகவே இந்தத் தரவைக் கொண்டு வரைபடம் வரையும் மாணவர்கள் 2020 ஏப்ரல், மே புள்ளிகளைத் தனி நிறத்திலோ, விடுபட்ட கோட்டாலோ காட்டி, கீழே காரணத்தையும் எழுதுவது முறையாகும். அடுத்த ஆண்டின் அதே இரண்டு மாதங்களுக்கும் ஒரு சிறு குறிப்பு தேவை.