ஒன்பதரை மணிக்கு போன் வராவிட்டால்?

"அங்க நமக்கு யாரு இருக்கா?"

புனேயில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது என்று சாத்தூர் வீட்டில் மகள் சொன்னால், அம்மா பெரும்பாலும் கேட்பது இதைத்தான். "எல்லாரும் போறாங்கம்மா" என்பது இதற்குப் பதிலாகாது. அம்மா கேட்பது ஆட்களை. எனவே பெயர், முகவரி, போன் நம்பரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

ஆஃபர் லெட்டரை அப்பாவே படிக்கட்டும். கம்பெனியின் சொந்த மெயிலிலிருந்து வந்திருக்கிறதா, யாரிடம் வேலை பார்க்கப்போகிறாள் என்று இருக்கிறதா என்று பார்க்கலாம். சேருவதற்கு முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். பயிற்சிக்கு வருபவர்களும் அதில் அடக்கம். குழுவில் யார் இருக்கிறார்கள் என்று சேர்ந்த அன்றே கேட்டு வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

முதல் முறை அப்பா கூடப் போவது நல்லது. பி.ஜி. ஹாஸ்டலைப் பகலில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். வேலை முடிந்து அவள் திரும்பும் நேரத்தில், பஸ் ஸ்டாப்பிலிருந்து இருவரும் நடந்து பார்க்க வேண்டும். தெருவிளக்கும் திறந்திருக்கும் கடைகளும் அப்போதுதான் கண்ணில் படும்.

இனி போன். தினமும் இரவு ஒன்பதரைக்கு ஒரு அழைப்பு என்று பேசிக்கொள்வது சுலபம். அது வராத இரவில் என்ன செய்வது என்பதைத்தான் பல வீடுகளில் பேசுவதில்லை. சார்ஜ் தீர்ந்திருக்கலாம், மீட்டிங் நீண்டிருக்கலாம். ஆனால் சாத்தூரில் அதற்குள் அழுகை தொடங்கிவிடும். ஆகவே வரிசையை முன்கூட்டியே எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டலாம். பத்தரை வரை மெசேஜ் மட்டும். பிறகு ரூம்மேட். அவரும் எடுக்காவிட்டால் ஹாஸ்டல் வார்டன். அதற்கும் பிறகு அந்த ஏரியா காவல் நிலையம். அதன் நம்பரைத் தனியே வாங்கி வைக்க வேண்டும்; சாத்தூரிலிருந்து 112ஐ அழைத்தால் தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். அவள் புனேயிலிருந்து அழைத்தால் அங்குள்ளவர்கள் எடுப்பார்கள்.

நாள் முழுக்க லொகேஷன் பார்க்க வேண்டும் என்று அப்பா கேட்பார். என் கருத்தில் அது வேண்டாத வம்பு. சிக்னல் போய்ப் புள்ளி ஒரே இடத்தில் நின்றால் வீடே பதறும். அவளுக்கும் எரிச்சல் வரும். வாட்ஸ்அப் லைவ் லொகேஷனை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று அளவாகப் பகிரலாம். ராத்திரி ஆட்டோவில் ஏறும்போது 1 மணி நேரம் போட்டால் போதும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் மறுபடி பேசலாம். அதுவரை மேனேஜருக்கு அப்பா நேரடியாக போன் போடக் கூடாது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.