டாலர் எவ்வளவு ஆடும்? ஒரு நூற்பாலையின் 90 நாள் கணக்கு

கோவை வட்டாரத்தில் மெல்லிய ரக நூல் நூற்கும் மில்கள் எகிப்தின் கிசா, அமெரிக்காவின் பிமா போன்ற மிக நீண்ட இழைப் பஞ்சை இறக்குமதி செய்கின்றன. விலை பேசுவது டாலரில். பெரும்பாலும் எல்.சி. திறந்து, 90 நாள் தவணையில் பணம் கட்டுவார்கள். பஞ்சின் விலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அன்றே முடிவாகிவிடுகிறது. ஆனால் அதற்கு எத்தனை ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது 90 நாள் கழித்துத்தான் தெரியும்.

வங்கியில் ஃபார்வர்ட் ஒப்பந்தம் போட்டால் அந்த ரூபாயையும் இன்றே முடிவு செய்துவிடலாம். அதற்குச் செலவு உண்டு. அதனால் மில்காரர் வங்கி மேலாளரிடம் கேட்பார்: "டாலரு சும்மாதானுங்க கெடக்குது, இப்பவே எதுக்குங்க புக் பண்ணோணும்?" நியாயமான கேள்விதான். டாலர் உண்மையிலேயே சும்மா கிடக்கிறதா, கிடக்கிறது என்றால் எவ்வளவு நாளாக என்பதை அளந்து பார்த்த பிறகு கேட்டால் இன்னும் நியாயமாக இருக்கும். அளக்கும் கருவி பத்தாம் வகுப்புக் கணக்கில் படித்ததுதான்: திட்ட விலக்கம்.

ஒரு மில் 1,00,000 டாலருக்குப் பஞ்சு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். டாலர் 85 ரூபாய். ஆகப் பாக்கி 85 லட்சம். இந்தப் பஞ்சை நூலாக்கி விற்றால் கையில் நிற்கும் லாபம் 3 லட்சம். எண்கள் கணக்குக்காக எடுத்தவை, வழிமுறை உண்மையானது.

முதலில் டாலர் விலைகள் வேண்டும். எஃப்.பி.ஐ.எல். என்ற நிறுவனம் ஒவ்வொரு வேலைநாளும் நண்பகலுக்குப் பின் குறிப்பு விலை ஒன்றை வெளியிடுகிறது. முன்பு ரிசர்வ் வங்கி செய்துவந்த வேலை அது. 2018 முதல் இவர்களிடம் இருக்கிறது. அந்த விலைகளை எக்செல் தாளில் ஒரு பத்தியில் தேதிவாரியாக இறக்கிக்கொள்ள வேண்டும். அடுத்த பத்தியில், முந்தைய நாளைவிட எத்தனை சதவீதம் மாறியது என்று கணக்கிட வேண்டும். விலைப் பத்தி B, மாற்றப் பத்தி C என்றால்:

```
C3:  =(B3/B2-1)*100
E1:  =STDEV.S(C3:C62)
```

இரண்டாவது வரி கடைசி 60 வேலைநாட்களின் திட்ட விலக்கத்தைத் தந்துவிடும். அந்தச் சூத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. ஆறு நாள் விலை 85.00, 85.20, 85.05, 85.40, 85.30, 85.15 என்று இருந்தால், அன்றாட மாற்றங்கள் ஐந்து கிடைக்கும்: +0.24, −0.18, +0.41, −0.12, −0.18 சதவீதம். இவற்றின் சராசரி 0.03. ஒவ்வொரு மாற்றமும் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, விலகலை வர்க்கப்படுத்தி, எல்லாவற்றையும் கூட்டினால் 0.30 வரும். ஐந்து மாற்றங்கள் என்பதால் ஒன்று குறைத்து நான்கால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.27. அதாவது, டாலர் ஒரு நாளில் சராசரியைச் சுற்றி 0.27 சதவீதம், ஏறத்தாழ 23 காசு, மேலும் கீழும் ஆடுவது வழக்கமாக இருக்கிறது.

ஆறு நாளில் டாலர் நகர்ந்தது வெறும் 15 காசு என்பதைக் கவனியுங்கள். தொடக்க விலையையும் முடிவு விலையையும் மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும். இடையில் ஒரே நாளில் 35 காசு எகிறியது அவர் கண்ணில் படாது.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. மாற்றங்களுக்குப் பதிலாக விலைகளின் பத்திக்கே, அதாவது B பத்திக்கே, திட்ட விலக்கம் போட்டுவிடுகிறார்கள். டாலர் 60 நாளில் 85-லிருந்து 88-க்கு, தினமும் 5 காசாகச் சீராக ஏறினால், விலைகளின் திட்ட விலக்கம் 87 காசு அளவுக்கு வரும். அன்றாட மாற்றங்களின் திட்ட விலக்கமோ பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். முதல் எண்ணில் போக்கும் ஆட்டமும் கலந்துவிட்டன. இரண்டாவது எண் ஆட்டத்தை மட்டும் சொல்கிறது, போக்கைப் பற்றி வாய் திறக்காது. நமக்கு வேண்டியது இரண்டாவது. அது சொல்லாமல் விடுவது எது என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரு நாள் ஆட்டம் 0.27 சதவீதம் என்றால் 90 நாளுக்கு எவ்வளவு? விடுமுறைகளைக் கழித்தால் வேலைநாட்கள் 60 அளவுக்கு இருக்கும். ஆனால் 60-ஆல் பெருக்கக் கூடாது. ஏறும் நாட்களும் இறங்கும் நாட்களும் ஒன்றையொன்று ஓரளவு அடித்துக்கொள்வதால், ஆட்டம் நாட்களின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளர்கிறது. 60-இன் வர்க்கமூலம் 7.75. அதை 0.27-ஆல் பெருக்கினால் 2.1 சதவீதம். 85 லட்சத்தில் 2.1 சதவீதம் ஏறத்தாழ 1.8 லட்சம் ரூபாய்.

இந்த எண்ணைத்தான் லாபத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். மாற்றங்கள் மணி வடிவ வளைவுப்படி பரவியிருப்பதாகக் கொண்டால், தவணை நாளில் 1.8 லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்ட நேரும் வாய்ப்பு ஆறில் ஒன்று. இரண்டு மடங்கு, அதாவது 3.6 லட்சத்துக்கு மேல் கட்ட நேரும் வாய்ப்பு நாற்பதில் ஒன்று. அப்போது 3 லட்சம் லாபம் முழுவதும் போய்க் கைப்பணமும் போகும்.

எதிர்த் தட்டில் ஹெட்ஜிங் செலவு. இந்தியாவில் வட்டி அமெரிக்காவைவிடப் பொதுவாக அதிகம் என்பதால், எதிர்காலத் தேதிக்கு டாலர் வாங்குபவர் பிரீமியம் கொடுக்க வேண்டியிருக்கும். அது ஆண்டுக்கு 2 சதவீதம் என்று கொண்டால், மூன்று மாதத்துக்கு 0.5 சதவீதம், அதாவது 42,500 ரூபாய். லாபத்தில் ஏழில் ஒரு பங்கு உறுதியாகப் போகும். மீதி லாபம் டாலரால் கரையாது. டாலர் இறங்கினால் கிடைத்திருக்கக்கூடிய ஆதாயமும் போகும் என்பது உண்மைதான். என்றாலும் பஞ்சில் சம்பாதிக்கும் மில்லுக்கு டாலரில் சம்பாதிக்கும் வேலை எதற்கு என்பது என் எண்ணம். இந்த எண்களோடு நான் அந்த நாற்காலியில் இருந்தால் பெரும்பகுதிக்கு ஃபார்வர்ட் எடுத்துவிடுவேன்.

லாபம் 3 லட்சம் அல்ல, 12 லட்சம் என்றால்? அதே ஆட்டம் பொறுத்துக்கொள்ளக் கூடியதாகிவிடுகிறது. அதே மில் நூலை டாலரில் ஏற்றுமதி செய்து, அதே மாதத்தில் 70,000 டாலர் வர வேண்டியிருந்தால்? ஏறும் டாலர் ஒரு கையில் எடுப்பதை மறு கையில் கொடுத்துவிடும். ஆபத்தில் இருப்பது 30,000 டாலர் மட்டும். ஆக, திட்ட விலக்கம் தனியாக நின்று எதையும் தீர்மானிப்பதில்லை. உங்கள் நிகரப் பாக்கி, உங்கள் லாபம், பிரீமியம் ஆகிய மூன்றும் பக்கத்தில் இருந்தால்தான் அது பேசும்.

இனி கடினமான பகுதி. எந்த 60 நாளை எடுப்பது? 2023 முழுவதும் ரூபாய் டாலருக்கு எதிராக ஏறத்தாழ அரை சதவீதம்தான் தேய்ந்தது. ரிசர்வ் வங்கி டாலரை வாங்கியும் விற்றும் ஆட்டத்தை அடக்கி வைத்திருந்தது. அந்தக் காலத்து எண்களைத் தாளில் போட்டவருக்குத் திட்ட விலக்கம் மிகச் சிறியதாக வந்திருக்கும். ஹெட்ஜிங் வீண் செலவு என்று தோன்றியிருக்கும். 2025 பிப்ரவரியில் டாலர் 87 ரூபாயைத் தாண்டியது.

2013 இன்னும் கடுமை. மே தொடக்கத்தில் 54 ரூபாய்க்கு அருகே இருந்த டாலர், அமெரிக்க மத்திய வங்கி பணப்புழக்கத்தைக் குறைக்கப் போகிறது என்ற பேச்சு எழுந்ததும் ஏறத் தொடங்கி, ஆகஸ்ட் 28 அன்று 68 ரூபாய் 80 காசில் முடிந்தது. அந்த ஒரு நாளில் மட்டும் இரண்டரை ரூபாய்க்கு மேல், கிட்டத்தட்ட 4 சதவீதம். அன்றாடத் திட்ட விலக்கம் 0.7 என்று தாராளமாக வைத்தாலும், மணி வடிவ வளைவின் கணக்கில் அப்படியொரு நாள் ஆயிரம் ஆண்டில்கூட வரக் கூடாது. வந்தது. நாணயச் சந்தையில் பெரிய துள்ளல்கள் அந்த வளைவு சொல்வதைவிட அடிக்கடி வருகின்றன. ஒரே திசையில் நாள்கணக்கில் ஓடும்போது வர்க்கமூலக் கணக்கும் ஆபத்தைக் குறைத்தே காட்டும்.

ரிசர்வ் வங்கி இதை அறிந்தே விதி வகுத்திருக்கிறது. 2014 ஜனவரியில் வந்த அந்த விதிப்படி, ஹெட்ஜ் செய்யாத வெளிநாட்டு நாணயப் பாக்கி வைத்திருக்கும் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த வங்கி, அந்த நிறுவனம் எவ்வளவு இழக்கக்கூடும் என்று கணக்கிட வேண்டும். எடுத்துக்கொள்ள வேண்டிய ஏற்ற இறக்கம் கடைசி மூன்று மாதத்தினுடையது அல்ல; கடந்த பத்தாண்டில் பதிவான மிகப் பெரிய ஆண்டு ஏற்ற இறக்கம். இழப்பு, நிறுவனத்தின் வட்டிக்கும் தேய்மானத்துக்கும் முந்தைய ஆண்டு லாபத்தில் 75 சதவீதத்தை மீறினால், அந்தக் கடன்களுக்கு வங்கி 0.8 சதவீதம் கூடுதலாக ஒதுக்கி வைக்க வேண்டும். அந்தச் சுமை கடன் வட்டியில் வந்து விழ வாய்ப்புண்டு. டாலரை புக் பண்ணாததற்கும் விலை இருக்கிறது என்பது பல சிறு மில்களுக்குத் தெரிவதில்லை.

திட்ட விலக்கம் அறவே குருடாகும் இடமும் உண்டு. இலங்கையில் 2021 செப்டம்பர் முதல் ஆறு மாதம் மத்திய வங்கி டாலரை 203 ரூபாய்க்கு மேல் போகவிடாமல் பிடித்து வைத்தது. அந்த நாட்களின் அதிகாரபூர்வ விலைகளுக்குத் திட்ட விலக்கம் போட்டால் பூஜ்யத்தை ஒட்டித்தான் வரும். 2022 மார்ச் 7 அன்று பிடி தளர்ந்தது. மே மாதத்தில் டாலர் 360-ஐத் தொட்டது. கொழும்பில் 90 நாள் தவணையில் சரக்கு வாங்கியவருக்குப் பாக்கி ஒன்றே முக்கால் மடங்காகியது.

எச்சரிக்கை வேறு இடங்களில் கண்ணெதிரே இருந்தது. 2019 முடிவில் 760 கோடி டாலராக இருந்த கையிருப்பு 2021 நவம்பரில் 160 கோடியாகச் சுருங்கியிருந்தது. உண்டியல் வழியில் டாலருக்கு வங்கியைவிட அதிகம் கிடைத்தது. எல்.சி. திறக்க வங்கிகளில் டாலர் இல்லாமல் கொள்கலன்கள் துறைமுகத்தில் தேங்கின. ஆட்டமே இல்லாத நாணயத்தைக் கண்டால், அது தானாக நிற்கிறதா, யாராவது பிடித்து நிறுத்தியிருக்கிறார்களா, பிடித்திருப்பவர் கையில் இன்னும் எவ்வளவு டாலர் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

இறக்குமதி செய்யும் மில்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த எல்.சி. திறப்பதற்கு முன், தாளில் இரண்டு எண்களை எடுங்கள்: கடைசி 60 நாளின் திட்ட விலக்கம் ஒன்று, கடந்த பத்தாண்டில் மிக மோசமாக ஆடிய 60 நாளின் திட்ட விலக்கம் இன்னொன்று. இரண்டையும் 7.75-ஆல் பெருக்கி, நிகரப் பாக்கியில் அது எத்தனை ரூபாய் என்று எழுதி, லாபத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டாவது எண் லாபத்தை விழுங்குமானால், டாலர் இன்று எவ்வளவு அமைதியாகக் கிடந்தாலும் ஃபார்வர்ட் எடுத்துவிடுங்கள்.