700 ரூபாய் எந்த இரண்டு பில்லுக்கு?

ஒரு மொத்த வியாபாரக் கடையின் வங்கிக் கணக்கில் 700 ரூபாய் வரவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த பில்லுக்கான பணம் என்ற குறிப்பு இல்லை. நிலுவையில் இருக்கும் பில்களில் 700 ரூபாய்க்கு ஒன்றுகூட இல்லை. யாரோ இரண்டு பில்களைச் சேர்த்துக் கட்டியிருக்கலாம். அந்த இரண்டும் எவை?

நிலுவை பில்கள் 12. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் இப்படி வருகின்றன: 100, 200, 200, 200, 300, 350, 350, 400, 500, 500, 600, 650.

ஒவ்வொரு பில்லையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்ப்பதுதான் முதலில் தோன்றும் வழி. 12 பில்லுக்கு 66 ஜோடிகள். பொறுமை இருந்தால் கையாலேயே முடித்துவிடலாம். ஆனால் பில்கள் ஒரு லட்சமானால் ஜோடிகள் ஏறத்தாழ 500 கோடி. கணினியும் திணறும்.

பட்டியல் வரிசையில் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளும் முறைக்கு ‘டூ பாயிண்டர்ஸ்’ என்று பெயர். இரண்டு சுட்டிகள் போதும். ஒன்றை இடது கோடியில், மிகச் சிறிய தொகையில் வைக்கிறோம். மற்றதை வலது கோடியில், மிகப் பெரிய தொகையில் வைக்கிறோம். இரண்டையும் கூட்டுகிறோம். தொகை 700ஐத் தாண்டினால் வலது சுட்டியை ஓர் இடம் உள்ளே நகர்த்துகிறோம். 700க்குக் குறைந்தால் இடது சுட்டியை நகர்த்துகிறோம். சுட்டிகள் சந்திக்கும்வரை இதே வேலைதான்.

இப்படி நகர்த்தும்போது சரியான ஜோடி எதுவும் கைநழுவிப் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? முதல் கூட்டலிலேயே அது தெரிந்துவிடுகிறது. 100ஐயும் 650ஐயும் கூட்டினால் 750. பட்டியலிலேயே மிகச் சிறிய தொகையோடு சேர்ந்தும் 650 அளவை மீறுகிறது. வேறு எதோடு சேர்ந்தாலும் 750க்குக் குறையாது. ஆகவே 650ஐத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம். ஒரே கூட்டலில் அதன் 11 ஜோடிகளும் கழிந்துவிட்டன. கூட்டுத்தொகை குறைவாக வரும்போதும் இதே நியாயம்தான்: மிச்சமிருப்பதில் மிகப் பெரியதோடு சேர்ந்தும் எட்டாத தொகை, மற்ற எதோடும் எட்டாது. ஒவ்வொரு கூட்டலிலும் குறைந்தது ஒரு பில் கழிகிறது. அதனால் 12 பில்லுக்கு அதிகபட்சம் 11 கூட்டல். ஒரு லட்சம் பில்லுக்கு அதிகபட்சம் 99,999.

650 போனதும் 100ம் 600ம் சேர்ந்து 700 தருகின்றன. ஒரு ஜோடி கிடைத்தது. இரண்டு சுட்டிகளையும் உள்ளே நகர்த்தினால் 200ம் 500ம். மறுபடி 700. இன்னொரு முறை நகர்த்தினால், மீண்டும் 200ம் 500ம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

சிக்கலைக் கவனிக்காமல் போய்க்கொண்டே இருந்தால் அடுத்து 200ம் 400ம் வருகின்றன. அது 600, எனவே இடது சுட்டி நகர்கிறது. பிறகு 300ம் 400ம் பொருந்துகின்றன, கடைசியில் 350ம் 350ம் பொருந்துகின்றன. மொத்தம் 5 விடை. இந்த ஐந்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. எத்தனை வகைத் தொகைகள் சேர்ந்து 700 ஆகின்றன என்று கேட்டால் விடை 4. எத்தனை விதமாக இரண்டு பில்களை எடுக்கலாம் என்று கேட்டால் விடை 9, ஏனென்றால் மூன்று 200 பில்களில் ஒவ்வொன்றும் இரண்டு 500 பில்களோடும் சேரும். அதுவே 6 ஜோடி. ஐந்து என்பது இரண்டு கேள்விக்குமே விடை அல்ல. ஒரே எண் திரும்பத் திரும்ப வரும் பட்டியலில் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்யாவிட்டால், பார்வைக்குச் சரியாக ஓடும் நிரல் இப்படித்தான் பிழையான எண்ணைத் தரும்.

வகைகள் மட்டும் போதும் என்றால், ஒரு ஜோடி கிடைத்த பிறகு அதே தொகை நீடிக்கும்வரை சுட்டியைத் தாண்டவிட வேண்டும். பைத்தானில் அது இப்படி இருக்கும்:

```python
def pairs(a, target):
    l, r = 0, len(a) - 1
    out = []
    while l < r:
        s = a[l] + a[r]
        if s < target:
            l += 1
        elif s > target:
            r -= 1
        else:
            out.append((a[l], a[r]))
            l += 1
            r -= 1
            while l < r and a[l] == a[l - 1]:
                l += 1
    return out
```

இடது பக்கம் மட்டும் தாண்டுகிறோமே, வலது பக்கம் வேண்டாமா என்று கேட்கலாம். தேவையில்லை. இடது சுட்டி 200களைத் தாண்டி 300க்கு வந்துவிட்டது. வலது பக்கத்தில் இன்னொரு 500 மிச்சமிருந்தால் கூட்டுத்தொகை 800 ஆகும்; வழக்கமான விதியே அதை ஒதுக்கிவிடும்.

உள்ளே இருக்கும் சிறிய சுழற்சியிலும் `l < r` என்ற நிபந்தனை உண்டு. இதை விட்டுவிடுபவர்கள் அதிகம். 5, 5, 5, 5 என்று எல்லாமே ஒன்றாக இருக்கும் பட்டியலில் கூட்டுத்தொகை 10 தேடும்போது, அந்த நிபந்தனை இல்லையென்றால் இடது சுட்டி பட்டியலைத் தாண்டி வெளியே போய்விடும். பைத்தான் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். சி மொழியில் அந்தப் பாதுகாப்பும் இல்லை. நிரல் பக்கத்து நினைவகத்தைப் படித்துக்கொண்டு போகலாம்.

ஒரே தொகை பலமுறை வருவதுதானே தொல்லை, முதலிலேயே அவற்றை நீக்கிவிட்டால் என்ன என்று தோன்றும். நீக்கினால் 350ம் 350ம் சேர்ந்த ஜோடி காணாமல் போகும். ஏனென்றால் பட்டியலில் ஒரே ஒரு 350தான் மிஞ்சும். அதைச் சரிசெய்வதாக நினைத்து வெளிச் சுழற்சியில் `l <= r` என்று எழுதினால் அது இன்னும் மோசம். இரண்டு சுட்டிகளும் ஒரே பில்லில் நிற்கும்போது அந்த பில்லை அதனுடனேயே கூட்டிவிடும். ஒரே ஒரு 350 ரூபாய் பில் வைத்திருப்பவர் 700 ரூபாய் கட்டியதாகக் கணக்கு வரும்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது பில் ஜோடிகளை எண்ணுவதற்கு, வேறு வழி. பொருத்தம் கிடைத்ததும் இடது தொகை எத்தனை முறை வருகிறது, வலது தொகை எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பெருக்க வேண்டும். 3 பெருக்கல் 2, ஆறு. பிறகு அந்த இரண்டு கூட்டத்தையும் மொத்தமாகத் தாண்டிவிடலாம். இரு சுட்டிகளும் ஒரே தொகையில் நின்றால் மட்டும் பெருக்கக் கூடாது. அந்தத் தொகை k முறை வந்தால் ஜோடிகள் k(k−1)/2. இரண்டு 350க்கு ஒன்று. மூன்று இருந்திருந்தால் மூன்று. ஆக 1, 6, 1, 1 சேர்ந்து 9. சுட்டி அந்தக் கூட்டத்துக்குள் வந்ததும் தேடலை அங்கேயே முடித்துக்கொள்ளலாம், இடையில் வேறு தொகை எதுவும் மிச்சமில்லை.

பில்கள் வரிசையில் இல்லாவிட்டால் முதலில் அடுக்க வேண்டும். நேரம் பெரும்பாலும் அதற்குத்தான் போகும். அடுக்கும்போது பில் எண்ணையும் தொகையோடு சேர்த்தே நகர்த்துங்கள். இல்லையென்றால் தொகை தெரியும், எந்த பில் என்று தெரியாது. பைசாவும் இருந்தால் எல்லாவற்றையும் பைசாவாக்கி முழு எண்களாக வைத்துக்கொள்வது நல்லது. தசமப் புள்ளியோடு கூட்டினால் 0.1ம் 0.2ம் சேர்ந்து கணினியில் 0.3க்குச் சமமாவதில்லை, பொருந்த வேண்டிய ஜோடி பொருந்தாமல் போகும்.

நம் கடையின் 700 ரூபாய்க்கு ஒன்பது ஜோடிகள் பொருந்துகின்றன. அவற்றில் எது உண்மை என்பதைத் தொகையை மட்டும் வைத்து எந்த நிரலாலும் சொல்ல முடியாது. பணம் கட்டியவரிடம்தான் பில் எண்ணைக் கேட்க வேண்டும்.