என்.பி.எஸ் 18 என்றால் என்ன அர்த்தம்?

எம்.பி.ஏ. மாணவர்களின் புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் அடிக்கடி கண்ணில் படும் முடிவு இது: "என்.பி.எஸ் 18. எனவே வாடிக்கையாளர்கள் திருப்தியாக உள்ளனர்." கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் 'எனவே' என்று தொடங்கும் இரண்டாம் வாக்கியத்துக்கு அந்தக் கணக்கில் ஆதாரம் கிடையாது.

நெட் புரமோட்டர் ஸ்கோர் என்ற இந்த அளவை 2003-ல் 'ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ' இதழில் எழுதி அறிமுகப்படுத்தியவர், பெய்ன் நிறுவனத்தைச் சேர்ந்த ஃப்ரெட் ரெய்க்ஹெல்ட். திருப்தியை அளக்க நீளமான கேள்வித்தாள் போடுவதால் பயனில்லை, ஒரு நிறுவனம் வளருமா என்று அறிய ஒரே கேள்வி போதும் என்பது அவர் வாதம். "எங்களை உங்கள் நண்பருக்கோ உடன் வேலை செய்பவருக்கோ பரிந்துரைக்க எவ்வளவு வாய்ப்பிருக்கிறது?" என்பதே அந்தக் கேள்வி. பதில் 0 முதல் 10 வரை ஓர் எண். ஆக, இது வளர்ச்சியைக் கணிக்கப் பிறந்த அளவு. திருப்தியை அளப்பதற்காக அதை உருவாக்கியவரே முன்வைத்ததல்ல.

கணக்கிடும் முறையை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். மதுரையில் ஒரு டூவீலர் சர்வீஸ் சென்டரில் ஒரு மாணவி 50 பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதாக வைத்துக்கொள்வோம். 10 கொடுத்தவர்கள் 12 பேர், 9 கொடுத்தவர்கள் 10 பேர். இந்த 22 பேரும் 'புரமோட்டர்கள்', அதாவது நாலு பேரிடம் நல்லபடியாகச் சொல்லக்கூடியவர்கள். 8 கொடுத்தவர்கள் 9 பேர், 7 கொடுத்தவர்கள் 6 பேர். இந்த 15 பேர் 'பாசிவ்', அதாவது நடுவில் நிற்பவர்கள். 6-ம் அதற்குக் கீழும் கொடுத்த 13 பேர் 'டிட்ராக்டர்கள்', அதிருப்தியாளர்கள். புரமோட்டர்கள் 44 சதவீதம், டிட்ராக்டர்கள் 26 சதவீதம். இரண்டையும் கழித்தால் 18. நடுவில் நிற்பவர்கள் கழித்தலில் வருவதில்லை. ஆனால் சதவீதம் மொத்தம் 50 பேரை வைத்துப் போடப்படுவதால் வகுக்கும் எண்ணில் அவர்களும் உண்டு. விடை −100 முதல் +100 வரை எங்கும் இருக்கலாம். அது சதவீதமல்ல என்பதால் "18 சதவீதம் பேர் திருப்தி" என்று எழுதுவது பிழை.

இனி அந்த 18-க்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்கலாம். 18 பேர் புகழ்ந்து, 82 பேர் நடுவில் நின்று, ஒருவர்கூடக் குறை சொல்லாத கடைக்கும் 18 வரும். 59 பேர் புகழ்ந்து 41 பேர் வெறுத்த கடைக்கும் அதே 18-தான். முதல் கடைக்காரர் நிம்மதியாக இருக்கலாம். இரண்டாமவரிடம் பத்தில் நாலு பேர் கசப்போடு போகிறார்கள். ஒரே எண்ணை மட்டும் ரிப்போர்ட்டில் தந்தால் இந்த இரண்டு கடைகளையும் பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

நம் சர்வீஸ் சென்டரின் 13 டிட்ராக்டர்களில் 6 கொடுத்தவர்கள் 5 பேர், 5 கொடுத்தவர்கள் 4 பேர். மற்ற நால்வரில் ஒருவர் 4, ஒருவர் 3, இருவர் 2 கொடுத்திருக்கிறார்கள். அந்த 2 கொடுத்த இருவரையும் மேலாளர் நேரில் அழைத்துப் பேசி, குறையைச் சரிசெய்து, அவர்கள் 6-க்கு ஏறினாலும் என்.பி.எஸ் அசையாது. மாறாக 6 கொடுத்த ஒருவர் 7 கொடுத்தால் உடனே 2 புள்ளி ஏறிவிடும். பெரிய முன்னேற்றத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டுச் சின்ன நகர்வுக்குத் துள்ளும் அளவை வைத்துத் திருப்தியைப் பேச முடியாது.

6 என்பது குறையா என்ற கேள்வியும் இருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களில் 60 மதிப்பெண் முதல் வகுப்பு, 75-ஐத் தாண்டினால் பெரும்பாலும் டிஸ்டிங்ஷன். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர் நல்ல சேவைக்கு 8 கொடுத்தால் நடுவில் வைக்கப்படுவார், பரவாயில்லை என்று 6 கொடுத்தால் எதிர்ப்பக்கம் சேர்க்கப்படுவார். எண்களைக் கொடுக்கும் வழக்கம் ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு மாறும். கோடு கிழித்த இடங்கள் மட்டும் எங்கும் ஒன்றே.

அடுத்தது, 50 பேர் போதுமா என்பது. வேறு 50 பேரைக் கேட்டிருந்தால் 18 வந்திருக்குமா? இதைத் தோராயமாகச் சொல்ல ஒரு கணக்கு உண்டு. P புரமோட்டர்களின் பங்கு, D டிட்ராக்டர்களின் பங்கு, n கேட்கப்பட்டவர்கள்:

```
1.96 × √((P + D − (P − D)²) / n)
```

P-க்கு 0.44, D-க்கு 0.26, n-க்கு 50 போட்டால் விடை ஏறக்குறைய 0.23. அதாவது 23 புள்ளி இப்படியும் அப்படியும் நகரலாம். உண்மையான மதிப்பு −5 முதல் 41 வரை எங்கும் இருக்கக்கூடும். "போன வருடம் 10, இந்த வருடம் 18, சேவை மேம்பட்டுள்ளது" என்று எழுதினால், வைவாவில் தேர்வாளர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது. இந்த ஊசலாட்டத்தை 5 புள்ளிக்குள் கொண்டுவர ஆயிரம் பேருக்கு மேல் கேட்க வேண்டும்.

ஆயிரம் பேரைக் கேட்டாலும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. வண்டியை டெலிவரி கொடுக்கும்போது கவுன்ட்டரில் இருப்பவர், "சார், கம்பெனியிலிருந்து போன் வரும். பத்துன்னு சொல்லிடுங்க சார், இல்லைன்னா எங்க இன்சென்டிவ்ல கை வைப்பாங்க" என்று கெஞ்சுவது பலருக்கும் பழக்கமானதுதான். இரக்கத்தில் கொடுத்த 10 அது. ஊழியரின் வருமானத்தோடு எண்ணைக் கட்டிப்போட்டால் எண் கெடும் என்பதை ரெய்க்ஹெல்ட்டே பின்னாளில் எழுதியிருக்கிறார். போன சர்வீஸில் கோபித்துக்கொண்டு வேறு மெக்கானிக்கிடம் போனவரோ இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்.

வளர்ச்சியைக் கணிக்கும் என்ற மூல வாதமும் கேள்விக்குள்ளானது. டிமோத்தி கெய்னிங்ஹாமும் உடன் ஆய்வாளர்களும் 2007-ல் 'ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்' இதழில், நார்வே நிறுவனங்களின் தரவை வைத்துச் சோதித்து எழுதினார்கள். மற்ற திருப்தி அளவைகளைவிட என்.பி.எஸ் மேலானது என்பதற்கு அவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

பரிந்துரைப்பது வேறு, திருப்தி வேறு. ஊரில் இருப்பது அந்த ஒரே சர்வீஸ் சென்டர் என்றால், மனம் நிறையாதவரும் "அங்கேயே விடுங்க" என்றுதான் சொல்வார். வேலை பிடித்திருந்தும், நாளைக்குப் பழி நம் மேல் வரும் என்று யாருக்கும் எதையும் பரிந்துரைக்காதவர்களும் உண்டு. திருப்தியை அறிய வேண்டுமானால், "இந்த சர்வீஸ் உங்களுக்கு எந்த அளவு திருப்தி?" என்று நேராகக் கேட்பதே முறை. என்ன காரணம் என்று திறந்த கேள்வி ஒன்றும் அதோடு வேண்டும். "வாட்டர் வாஷ் சரியில்லை", "சொன்ன நேரத்துக்குத் தரவில்லை" போன்ற பதில்களில்தான் மேலாளருக்கு வேலை இருக்கிறது.

அந்த மாணவியின் ரிப்போர்ட்டில் வரவேண்டிய பத்தி இப்படி இருக்கலாம்: "50 பேரிடம் கேட்டதில் 44% புரமோட்டர்கள், 30% பாசிவ், 26% டிட்ராக்டர்கள். என்.பி.எஸ் 18, பிழை எல்லை ±23. சராசரி 7.7. டிட்ராக்டர்கள் 13 பேரில் 9 பேர் 5 அல்லது 6 கொடுத்தவர்கள். சர்வீஸ் சென்டருக்கு வந்தவர்களை மட்டுமே கேட்டதால், விலகிச் சென்றவர்களின் கருத்து இதில் இல்லை. இது பரிந்துரைக்கும் விருப்பத்தின் அளவு. திருப்தி தனிக் கேள்வியால் அளக்கப்பட்டுள்ளது." ஒற்றை எண்ணைவிட இது நீளம்தான். ஆனால் இதைப் படிக்கும் மேலாளருக்கு யாரிடம் முதலில் பேச வேண்டும் என்பதும், எந்த முடிவை இன்னும் எடுக்கக்கூடாது என்பதும் தெரியும்.