லட்சம் கோடியில் ஒரு பங்கு ஆக்சிஜன்

2001 ஜனவரியில் பல்லேடியம் உலோகத்தின் விலை அவுன்சுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டியது. நகைக்கடைக்காரர்களைவிட அதிகமாகக் கலங்கியவர்கள் கெபாசிட்டர் செய்பவர்கள். ஒரு ஸ்மார்ட்போனைத் திறந்து பார்த்தால், பச்சைப் பலகையின்மேல் எள்ளைவிடச் சிறிய பழுப்புக் கட்டிகள் ஏராளமாக ஒட்டியிருக்கும். ஒரே போனில் ஆயிரம் வரைகூட இருக்கும். ஒவ்வொரு கட்டிக்குள்ளும் பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் ஓர் அடுக்கு, உலோகம் ஓர் அடுக்கு என்று நூற்றுக்கணக்கில் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். அந்த உலோகம் பல காலம் பல்லேடியமாகவோ வெள்ளியும் பல்லேடியமும் கலந்த கலவையாகவோ இருந்தது.

காரணம் சூளை. பீங்கானும் உலோகமும் பச்சையாக அடுக்கப்பட்டு ஒன்றாகவே சுடப்படுகின்றன. 1200, 1300 டிகிரி வெப்பத்தில் காற்றில் நின்றும் உருகாமல், ஆக்சைடாகவும் மாறாமல் தாக்குப்பிடிக்கும் உலோகங்கள் மிகக் குறைவு. அவை எல்லாமே விலை உயர்ந்தவை. நிக்கல் மலிவு; 1455 டிகிரி வரை உருகாது. ஆனால் காற்றில் சுட்டால் அது நிக்கல் ஆக்சைடாகிவிடும். 1200 டிகிரியில் நிக்கல் உலோகமாகவே நிற்க வேண்டுமானால் சூளைக்குள் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் ஒரு வளிமண்டலத்தில் ஏறத்தாழ ஐந்து கோடியில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். (பல வாயுக்கள் கலந்திருக்கும் இடத்தில், ஆக்சிஜன் மட்டும் தரும் அழுத்தமே அதன் பகுதி அழுத்தம்.)

அவ்வளவு குறைவான ஆக்சிஜனை எந்தப் பம்பும் வைத்து உறிஞ்சிக் கொண்டுவருவதில்லை. நைட்ரஜனில் கொஞ்சம் ஹைட்ரஜனும் கொஞ்சம் நீராவியும் கலந்து ஓடவிடுகிறார்கள். சூட்டில் நீராவி மிகச் சிறிதளவு பிரிந்து ஆக்சிஜன் தரும். ஹைட்ரஜன் அதைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சம அளவில் இருந்தால் 1200 டிகிரியில் ஆக்சிஜன் அழுத்தம் ஒரு வளிமண்டலத்தில் லட்சம் கோடியில் ஓரிரு பங்காக நிலைக்கும். நீராவியைப் பத்து மடங்காக்கினால் அது நூறு மடங்கு ஏறும். வாயுக்களின் விகிதத்தைத் திருகினாலே போதும், கற்பனைக்கு எட்டாத அந்த எண்ணை ஓர் ஆபரேட்டர் தன் கையில் வைத்திருக்கலாம்.

நிக்கல் பிழைத்துவிடும். கெட்டுப்போவது பீங்கான்.

வெளிர்நிறமாக உள்ளே போன தூய பேரியம் டைட்டனேட், இப்படிப்பட்ட சூளையிலிருந்து சாம்பலும் நீலமும் கலந்த கருநிறமாக வெளியே வரும். மின்சாரத்தைத் தடுத்து நிறுத்த வேண்டிய பொருள், அதைத் தாராளமாக ஓடவிடும். அதன் மின்தடை பல கோடி மடங்கு சரிந்திருக்கும். பீங்கானிலிருந்து இதற்காகக் கழன்ற ஆக்சிஜன் எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால், ஆயிரம் அணுவுக்கு ஒன்றுகூடத் தேறாது.

பள்ளிப் பாடத்தில் BaTiO3 என்று எழுதினால் பேரியம் ஒன்று, டைட்டானியம் ஒன்று, ஆக்சிஜன் மூன்று என்று அர்த்தம். சேர்மங்களின் விகிதம் மாறாதது என்று பிரெஞ்சு வேதியியலர் புரூஸ்டும், மாறக்கூடியது என்று பெர்த்தோலேயும் 1800-களின் தொடக்கத்தில் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள். புரூஸ்ட்தான் வென்றார், பாடப்புத்தகங்களும் அவர் பக்கமே நின்றன. ஆனால் திண்ம ஆக்சைடுகளைப் பொறுத்தவரை பெர்த்தோலே முழுக்கத் தவறவில்லை. இரும்பும் ஆக்சிஜனும் ஒன்றுக்கு ஒன்று சேர்ந்த FeO, சாதாரண அழுத்தத்தில் அந்தச் சரி விகிதத்தில் கிடைப்பதே இல்லை. அதில் எப்போதும் இரும்பு கொஞ்சம் குறைவாக இருக்கும். ஒரு ஆக்சைடில் சரியாக எவ்வளவு ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்பதைச் சுற்றியிருக்கும் வாயுவும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

பேரியம் டைட்டனேட்டில் நடப்பதை நெருங்கிப் பார்ப்போம். படிகத்துக்குள் ஆக்சிஜன் இரண்டு எதிர்மின்னூட்டங்களுடன் உட்கார்ந்திருக்கிறது. வெளியே ஆக்சிஜன் குறைந்தால் அது வாயுவாகி வெளியேறும். வாயுவுக்கு மின்னூட்டம் தேவையில்லை என்பதால், அது வைத்திருந்த இரண்டு எலக்ட்ரான்களையும் படிகத்திலேயே விட்டுவிட்டுப் போகிறது. மிஞ்சுவது ஒரு காலியிடமும் இரண்டு அநாதை எலக்ட்ரான்களும். மின்சாரத்தைக் கடத்துவது அந்த எலக்ட்ரான்கள். பீங்கானுக்குக் கருநிறம் தருவதும் அவைதான்.

இந்த வரவு செலவுக்கு ஒரு கறாரான விதி உண்டு. காலியிடங்களின் செறிவு, எலக்ட்ரான் செறிவின் வர்க்கம், ஆக்சிஜன் அழுத்தத்தின் வர்க்கமூலம் ஆகிய மூன்றையும் பெருக்கினால், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் வரும் தொகை மாறாது. எலக்ட்ரான்களைப் பத்து மடங்காக்க ஆக்சிஜனை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்டால், பதில் பொருளின் சுத்தத்தைப் பொறுத்தது. சுத்தமான பொருளில் எலக்ட்ரான்கள் பத்து மடங்கானால் காலியிடங்களும் பத்து மடங்காகும். ஒரு பத்தும் வர்க்கத்தின் நூறும் சேர்ந்து ஆயிரம். வர்க்கமூலம் ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்க, அழுத்தம் பத்து லட்சத்தில் ஒன்றாக வேண்டும். மாறாக, காலியிடங்களின் எண்ணிக்கையை வேறு ஏதோ ஒன்று ஏற்கெனவே பூட்டிவைத்திருந்தால், நூறு மட்டும்தான் ஈடுகட்டப்பட வேண்டும். அழுத்தம் பத்தாயிரத்தில் ஒன்றானால் போதும்.

முதல் வகைக்கு வரைபடத்தில் ஆறில் ஒன்று என்ற சாய்வு வரும். இரண்டாவதற்கு நாலில் ஒன்று. ஆகவே ஒரு பீங்கான் துண்டை உலையில் வைத்து, வாயுவை மாற்றி மாற்றி மின்கடத்துத்திறனை அளந்தால், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத குறைகளில் எது ஆட்சி செய்கிறது என்று சாய்வே சொல்லிவிடும். அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஸ்மித்தும் அவருடைய குழுவினரும் 1976-லும் 1981-லும் வெளியிட்ட அளவீடுகள் இத்துறையில் இன்றும் அடிப்படை. நான்கு மின்முனைகள் பொருத்திய துண்டைச் சுமார் 1000 டிகிரியில் வைத்து, ஒவ்வொரு முறை வாயுவை மாற்றிய பிறகும் அளவு நகராமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் சாய்வு பொய் சொல்லும். ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு வந்தாலும் இறக்கிக்கொண்டு வந்தாலும் ஒரே எண் வருகிறதா என்று பார்ப்பதே நம்பகமான சோதனை.

அவர்கள் கண்டது பள்ளத்தாக்குப் போன்ற ஒரு கோடு. மிகத் தாழ்ந்த அழுத்தத்தில் மட்டும் ஆறில் ஒன்று. அதற்கு மேலே நாலில் ஒன்று. பிறகு கடத்துத்திறன் அடிமட்டத்தைத் தொட்டு, காற்றின் பக்கம் போகப் போக மீண்டும் ஏறியது. அந்தப் பக்கம் ஆக்சிஜன் உள்ளே வந்து காலியிடங்களை நிரப்பி, எலக்ட்ரான்களைப் படிகத்திலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. எலக்ட்ரான் இல்லாத அந்தத் துளைகள் நேர்மின்னூட்டம் கொண்டவைபோல நகர்ந்து மின்சாரத்தைக் கடத்துகின்றன.

வியப்பு நடுவில் இருந்தது. எதுவும் கலக்காத சுத்தமான மாதிரியில் நாலில் ஒன்று என்ற சாய்வு எப்படி வந்தது? காலியிடங்களை யார் பூட்டிவைத்தார்கள்? மண்ணில் மலிந்து கிடக்கும் அலுமினியம், இரும்பு போன்றவை பத்து லட்சத்தில் நூறு என்ற அளவில் எந்த மூலப்பொருளிலும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகின்றன. டைட்டானியத்துக்கு நான்கு நேர்மின்னூட்டம். அதன் இடத்தில் மூன்றே வைத்திருக்கும் அலுமினியம் உட்கார்ந்தால் கணக்கு இடிக்கும். அந்தக் குறையைச் சரிக்கட்டப் படிகம் ஆக்சிஜன் இருக்கைகளில் சிலவற்றைத் தொடக்கத்திலேயே காலியாக விட்டுவிடுகிறது. இந்தக் காலியிடத்தோடு எலக்ட்ரான் வருவதில்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

நிக்கல் கெபாசிட்டர் பிழைத்தது இந்த வேறுபாட்டால். காலியிடங்களை வேண்டுமென்றே கூட்டிவைத்தால், மேற்சொன்ன பெருக்கல் விதிப்படி எலக்ட்ரான்கள் குறைந்தாக வேண்டும். காலியிடம் நாலு மடங்கானால் எலக்ட்ரான்கள் பாதியாகும். ஹைட்ரஜனில் சுட்டும் மின்காப்பாக நிற்கும் பீங்கானைப் பிரிட்டனில் ஜே. எம். ஹெர்பர்ட் 1963-லேயே எழுதிக் காட்டிவிட்டார். தொழிலில் அதிகம் பயன்படுவது மாங்கனீஸ். இரண்டு மின்னூட்டத்தோடு டைட்டானியத்தின் இடத்தில் உட்காரும் ஒவ்வொரு மாங்கனீஸும் ஒரு காலியிடத்தை உண்டாக்கும். அதோடு, அதிக மின்னூட்டத்தில் இருக்கும் மாங்கனீஸ், அலையும் எலக்ட்ரானைப் பிடித்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். சூளையில் எலக்ட்ரான்கள் உண்டானாலும் அவை ஓட முடியாமல் போகும்.

சில்லறை அளவு மாங்கனீஸைத் தூவிவிட்டுக் கைகழுவ முடிந்தால் கதை இத்துடன் முடிந்திருக்கும். காலியிடங்கள் சும்மா இருப்பதில்லை. பதினைந்து எண்களை நகர்த்தி விளையாடும் சதுரப் புதிரில் ஒரே ஒரு காலிக் கட்டம் பலகை முழுவதும் சுற்றிவருவது போல, அடுத்த இருக்கை ஆக்சிஜன் தாவத் தாவக் காலியிடம் எதிர்த்திசையில் நகரும். அதற்கு நேர்மின்னூட்டம் இருப்பதால், கெபாசிட்டருக்கு மின்னழுத்தம் கொடுத்ததும் எதிர்மின்முனையை நோக்கி ஊர்ந்துபோய் அங்கே குவியும். அடுக்கு ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன் கொண்டது, தூரம் அதிகமில்லை. குவிந்த இடத்தில் எலக்ட்ரான்கள் சேரும், கசிவு மின்சாரம் மெல்ல ஏறும், ஒரு நாள் கெபாசிட்டர் குறுக்குச் சுற்றாகிவிடும். எலக்ட்ரானை விரட்டப் போட்ட மருந்தே ஆயுளைக் குறைக்கிறது.

ஆகவே சூளையின் கடைசிப் பகுதியில் இன்னொரு வேலை உண்டு. சூடு சுமார் 1000 டிகிரிக்கு இறங்கியதும் ஆக்சிஜனைச் சிறிது கூட்டுகிறார்கள். அளவு இப்போதும் கோடியில் சில பங்கோ லட்சத்தில் ஒரு பங்கோதான். அந்த வெப்பத்தில் கணக்குப்படி நிக்கல் ஆக்சைடாக இதுவே போதும். ஆனால் பீங்கான் மணிகளின் இடைவெளி வழியே ஆக்சிஜன் வேகமாகப் புகுந்து காலியிடங்களை நிரப்பிவிட, நிக்கல் கெடுவதற்குள் சூடு இறக்கப்படுகிறது. நேரம் நீண்டால் நிக்கல் ஆக்சைடாகிப் பருத்து அடுக்குகள் பிளக்கும். குறைந்தால் ஆயுள் போகும். டிஸ்ப்ரோசியம், ஹோல்மியம், யிட்ரியம் ஆகியவற்றைச் சிறிதளவு கலந்து, மிச்சமுள்ள காலியிடங்களின் ஓட்டத்தையும் கட்டுப்படுத்துகிறார்கள். எந்தத் தொழிற்சாலையும் தன் சரியான கலவையை வெளியே சொல்வதில்லை.

வாங்கிப் பொருத்துபவர்களுக்கு இதில் ஒரு நேரடிப் பயன் உண்டு. இந்தக் கெபாசிட்டர்களின் ஆயுள், கொடுக்கும் மின்னழுத்தத்தின் மூன்றாம் படிக்கு எதிர்விகிதத்தில் சுருங்கும் என்பது பழைய அனுபவ விதி. வெப்பம் ஏறினால் இன்னும் வேகமாகச் சுருங்கும். 12 வோல்ட் ஓடும் இடத்தில் 16 வோல்ட் கெபாசிட்டர் போதும்தான். சூடான இடமாக இருந்தால், சில காசு கூடுதலாகக் கொடுத்து 25 வோல்ட் போடுங்கள்.